விதைப் பொட்டலமும் உர மூட்டையும்: லேபிளில் எது இடித்தால் எதைச் சந்தேகிப்பது?

ஒரு லேபிளைப் போலியாக அடிப்பது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. நிறம், சின்னம், கியூஆர் கட்டம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். போலி அடிப்பவர் கோட்டை விடுவது வேறு இடத்தில். லேபிளில் இருக்கும் ஒரு விவரம் இன்னொரு விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை அவர் யோசிப்பதில்லை. தேதியும் தேதியும் மோதும், பெயரும் சத்தளவும் மோதும், பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்து மறுக்கும். அதனால் அச்சு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உள்ளே இருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

கீழே உள்ளது இந்தியாவில் விற்கும் விதைக்கும் உரத்துக்கும் பொருந்தும் வழிமுறை. விதைக்கு விதைச் சட்டம் 1966, விதை விதிகள் 1968. உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985. உங்கள் கையில் இருப்பதில் எது இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

விதைப் பொட்டலத்தில் தேதிகள் கணக்குக்கு வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது பரிசோதனை நாள். பேக்கிங் செய்த தேதியைப் பார்த்து "புது விதைதான்" என்று வாங்கிவிடுகிறார்கள். பேக்கிங் தேதி நமக்கு எதையும் சொல்வதில்லை. இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த விதையையும் நேற்று பையில் போட்டிருக்கலாம். முளைப்புத்திறனை எந்த நாளில் சோதித்தார்கள் என்பதுதான் விதையின் வயதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேர்மையான தகவல்.

அந்த நாளிலிருந்து 9 மாதம் எண்ணுங்கள். முதல் முறை சோதித்த விதைக்குக் காலாவதி நாள் அதற்குள்தான் வர வேண்டும். 20-05-2025 அன்று சோதித்திருந்தால் 19-02-2026 வரை செல்லும். காலாவதி என்று 19-05-2026 அச்சாகியிருந்தால், அதாவது முழுசாக ஒரு வருடம் கொடுத்திருந்தால், மளிகைப் பொருளுக்குத் தேதி போடுகிற பழக்கத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள். விதை விற்பவர் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்.

சான்று விதை, அதாவது அரசின் சான்றளிப்புத் துறை சோதித்து நீல அட்டை கொடுத்த விதை என்றால் இன்னொரு சோதனையும் கையில் இருக்கிறது. அதன் குவியல் எண், அதாவது லாட் நம்பர், நான்கு துண்டுகளாக இருக்கும். முதல் துண்டு அறுவடையான மாதமும் ஆண்டும், இரண்டாவது விதை விளைந்த மாநிலத்தின் குறியீடு, மூன்றாவது சுத்திகரித்த நிலையத்தின் குறியீடு, நான்காவது அந்த விளைபொருளுக்கான வரிசைக் குறியீடு. முதல் துண்டில் `MAR25` என்று இருந்தால் 2025 மார்ச்சில் அறுத்த விதை.

இப்போது ஒரு பையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல் விதை, நீல அட்டை, குவியல் எண்ணின் தொடக்கம் `OCT25`, பரிசோதனை நாள் 14-08-2025, காலாவதி 13-05-2026. ஒன்பது மாதக் கணக்கு அச்சு அசலாகச் சரி. அதைப் பார்த்துவிட்டு மட்டும் திருப்தி அடைந்தால் ஏமாந்தோம். அக்டோபரில் அறுத்த நெல்லை ஆகஸ்டில் எப்படிச் சோதித்தார்கள்? வேறொரு குவியலின் அட்டையிலிருந்து தேதிகளை எடுத்து, எண்ணை மட்டும் புதிதாகத் தோன்றும்படி மாற்றியிருக்கிறார்கள். இந்த மோதல் ஒன்று போதும், அந்தப் பையை வாங்காமல் வைத்துவிடலாம்.

தனியார் நிறுவனங்கள், துறைச் சான்று இல்லாமல் தாங்களே பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதைக்கு (பச்சை அட்டை மட்டும் உள்ளது) சொந்த முறையில் குவியல் எண் போடுவது உண்டு. அதில் அறுவடை மாதத்தைத் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கே பரிசோதனை நாளும் காலாவதியும் மட்டுமே பேசும்.

பழைய தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது

ஸ்டிக்கரைப் பார்த்ததும் மோசடி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. காலாவதியான விதையை மறுபடி சோதித்து, தரம் இன்னும் இருந்தால் மேலும் 6 மாதம் நீட்டிக்க விதிகளில் இடம் உண்டு. அப்படிச் செய்யும்போது புதிய விவரம் மேலே வரும்தான்.

வித்தியாசம் இங்கே தெரியும். முறையான நீட்டிப்பில் பரிசோதனை நாளும் புதிதாக இருக்கும், ஏனென்றால் உண்மையிலேயே மறுபடி சோதித்திருக்கிறார்கள். போலியில் காலாவதி நாள் மட்டும் மாறியிருக்கும், கீழே பழைய பரிசோதனை நாள் அப்படியே இருக்கும். நீட்டிப்பு 6 மாதத்தைத் தாண்டினாலும் கேள்வி கேட்கலாம். ஸ்டிக்கரின் ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான பையில் அடியில் உள்ள அச்சு பெரும்பாலும் தெரியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்து அழித்த தேதி என்றால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு மங்கி, மூடுபனி படிந்த மாதிரி இருக்கும்.

அட்டையின் நிறமும் சொல்லும் வகையும் பொருந்தவில்லை

வல்லுநர் விதைக்குத் தங்க மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். உற்பத்தியாளர் தானே பொறுப்பேற்று ஒட்டும் விவர அட்டைக்கு வெளிர் பச்சை. இதில் பலருக்குக் குழப்பம் தருவது ஒன்று: சான்று விதைப் பையில் நீலமும் பச்சையும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். நீலம் சான்றளிப்புத் துறையுடையது, பச்சை உற்பத்தியாளருடையது. அப்படி இரண்டும் இருந்தால் இரண்டிலும் ரகம், குவியல் எண், பரிசோதனை நாள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். போலி நீல அட்டையை அசல் பச்சை அட்டையோடு தைத்தால் இங்கேதான் மாட்டும்.

பச்சை அட்டை மட்டும் உள்ள பையில் "சான்று பெற்றது" என்ற சொல் எங்கேயாவது பெரிதாக இருந்தால், அது எந்தச் சான்று என்று கேளுங்கள். நிறுவனத்தின் தர மேலாண்மைக்குக் கிடைத்த சான்றிதழை விதைச் சான்று போலக் காட்டும் வழக்கம் இருக்கிறது. பச்சை அட்டை விதை தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. நல்ல வீரிய ஒட்டு ரகங்கள் பலவும் அப்படித்தான் விற்கின்றன. ஆனால் சட்டப்படி அறிவிக்கை செய்த ரகங்களுக்கு மட்டும்தான் சான்று கொடுக்க முடியும். நிறுவனம் தானாகப் பெயர் வைத்த, அறிவிக்கை ஆகாத ரகத்தின் பையில் நீல அட்டை தொங்கினால் அது இருக்கவே முடியாத ஒன்று.

பக்கத்துப் பையிலும் அதே எண் இருக்கிறது

எந்த எண் என்பதைப் பொறுத்தது. குவியல் எண் நூற்றுக்கணக்கான பைகளில் ஒன்றாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும், அவையெல்லாம் ஒரே குவியலிலிருந்து வந்தவை. ஆனால் சான்று அட்டையில் தனியாக ஓர் அட்டை எண் உண்டு. அது அட்டைக்கு அட்டை மாறும். இரண்டு பைகளில் குவியல் எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்துச் சண்டை போடுபவர்களும் உண்டு, அட்டை எண் ஒன்றாக இருப்பதைக் கவனிக்காமல் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஒரே அட்டையை நகலெடுத்துத்தான் போலி அடிப்பார்கள் என்பதால், மூன்று நான்கு பைகளை வரிசையாக வைத்து அட்டை எண்ணை மட்டும் படித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. வாங்குவது ஒரு பைதான் என்றாலும் செய்யலாம்.

கியூஆர் ஸ்கேன் ஆகிறது, ஆனால் விவரம் வித்தியாசமாக வருகிறது

மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த சாத்தி என்ற விதைத் தடமறியும் அமைப்பில் சேர்ந்த விதைகளுக்கு அட்டையில் கியூஆர் இருக்கும். ஸ்கேன் செய்ததும் முதலில் பார்க்க வேண்டியது திரையின் மேலே வரும் முகவரி. `seedtrace.gov.in` போல அரசு முகவரியாக இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அரசுப் பக்கம் மாதிரியே அமைத்த தனியார் பக்கம் திறந்தால் அந்தக் கட்டத்துக்கு மதிப்பு இல்லை. அடுத்து, திரையில் வரும் ரகம், குவியல் எண், காலாவதி மூன்றையும் கையில் உள்ள அட்டையோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். அசல் கியூஆரை நகலெடுத்துப் போலிப் பையில் ஒட்டினால் பக்கம் சரியாகவே திறக்கும், குவியல் எண் மட்டும் வேறாக இருக்கும்.

கியூஆர் இல்லை என்பதே குற்றம் ஆகாது. எல்லா விதையும் அந்த அமைப்புக்குள் இல்லை.

விதைக்குச் சாயம் பூசியிருக்கிறது, மருந்தின் பெயர் இல்லை

விதை நேர்த்தி செய்த விதை என்றால் எந்த மருந்து என்பதையும், உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையையும் லேபிளில் போட்டாக வேண்டும். சிவப்போ பச்சையோ சாயம் இருந்து, மருந்தின் பெயர் இல்லை என்றால், நிறம் பழைய விதையின் மங்கலை மறைக்கப் பூசியது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

லேபிள் எல்லாம் சரி, ஆனாலும் மனசு ஒப்பவில்லை

விதைப்புக்கு நாள் இருந்தால் 100 விதையை எண்ணி ஈரத் துணியில் வைத்துப் பாருங்கள். பொறுக்கி எடுக்காமல், பையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் கலந்து எடுக்க வேண்டும். குறைந்தபட்ச முளைப்புத்திறன் பயிருக்குப் பயிர் மாறும்: நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்து, பாசிப்பயறுக்கு 75, நிலக்கடலைக்கும் தக்காளிக்கும் 70, மிளகாய்க்கு 60. மிளகாய் விதை அறுபது சதவீதம் முளைத்தும் திட்டுகிறவர்களுக்கும், நெல் முக்கால்வாசி முளைத்ததும் திருப்தி அடைகிறவர்களுக்கும் இந்த எண்கள் தெரியாததுதான் காரணம்.

முடிவைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 80 சதவீதம் உள்ள நல்ல விதையிலேயே எடுத்த நூறில் 74 முளைப்பது சாதாரணம், எண்ணிக்கையில் வரும் இயல்பான ஏற்ற இறக்கம் அது. 74-ஐ வைத்துப் புகார் எழுத முடியாது. அறுபதுக்குக் கீழே போனால் அது தற்செயல் இல்லை. இன்னொரு விதிவிலக்கு, புதிதாக அறுத்த நெல்லில் சில ரகங்களுக்கு உறக்க காலம் உண்டு. விதை உயிரோடு இருந்தும் முளைக்காது. குவியல் எண்ணில் அறுவடை மாதம் மிக அண்மையில் இருந்தால் இதையும் மனதில் வையுங்கள். துல்லியமாக வேண்டும் என்றால் விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுப்பதுதான் வழி. அங்கே 400 விதை வைத்துப் பார்ப்பார்கள்.

உர மூட்டையில் பெயர் பெரிது, சத்தளவு சிறிது

உரத்தில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் பொய்யான எண்ணால் நடப்பதில்லை. உண்மையான எண்ணைப் பின்பக்கம் சின்ன எழுத்தில் வைத்துவிட்டு, முன்பக்கம் வேறு ஒன்றை நினைக்க வைப்பதால் நடக்கிறது.

மூட்டையின் முன்னால் "டிஏபி" என்ற மூன்று எழுத்து கண்ணைப் பறிக்கிறது. அதற்கு மேலே மெல்லிய எழுத்தில் "ஆர்கானிக்" அல்லது "பயோ". குருணையும் கறுப்பாகப் பார்வைக்கு டிஏபி போலவே இருக்கிறது. பின்னால் திருப்பிச் சத்தளவு அட்டவணையைப் படித்தால் மணிச்சத்து 10.4 சதவீதம் என்று இருக்கும். இது பாறை பாஸ்பேட்டும் அங்ககப் பொருளும் சேர்த்த மணிச்சத்து செறிந்த அங்கக உரம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இடம்பெற்ற, சட்டப்படி விற்கக்கூடிய பொருள்தான். டிஏபி என்ற பெயரில் விற்பதுதான் தவறு.

எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கிலோவில் பார்க்க வேண்டும், சதவீதத்தில் பார்த்தால் உறைக்காது. அசல் டிஏபி 18-46-0. ஐம்பது கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. அந்த இன்னொரு மூட்டையில் மணிச்சத்து 5 கிலோ சொச்சம், தழைச்சத்து பேருக்குத்தான். அதிலும் டிஏபியின் மணிச்சத்து பெரும்பாலும் தண்ணீரில் உடனே கரையும், பாறை பாஸ்பேட்டில் உள்ளது மெதுவாகத்தான் கிடைக்கும். ஆக, ஒரு மூட்டை டிஏபிக்குப் பதிலாக ஒரு மூட்டை இதைப் போட்டவர் மணிச்சத்தில் கால்வாசிகூடப் போடவில்லை. எந்த உர மூட்டையாக இருந்தாலும் மூன்று எண்ணையும் எடையால் பெருக்கி நூறால் வகுத்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

கையில் சோதித்துப் பார்க்கலாம். நான்கைந்து குருணையைச் சுண்ணாம்போடு சேர்த்து உள்ளங்கையில் கசக்கினால் டிஏபியில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வரும். வரவில்லை என்றால் அது டிஏபி இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வந்துவிட்டால் டிஏபி என்று உறுதியாகிவிடாது. அம்மோனியம் சல்பேட்டும், அம்மோனியம் கலந்த காம்ப்ளக்ஸ் உரங்களும் அதே நெடியைத் தரும். யூரியாவுக்கு வேறு சோதனை. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கினால் முழுக்கக் கரைந்து தம்ளர் ஜில்லென்று ஆக வேண்டும். அடியில் மணலோ கரையாத துகளோ தங்கினால் கலப்படம்.

பிராண்ட் பெயரை நம்பிப் பழகியவர்களுக்கு ஒரு சொல். 2022 அக்டோபரிலிருந்து மானிய உரங்கள் எந்த நிறுவனம் தயாரித்தாலும் "பாரத் யூரியா", "பாரத் டிஏபி" என்ற ஒரே பெயரில் வருகின்றன. தயாரித்தவர் யார் என்பது மூட்டையின் சிறிய பகுதியில்தான் இருக்கும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முழு முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, நிகர எடை, அதிகபட்ச விலை, சத்தளவு, "உரம்" என்ற சொல் ஆகியவை இல்லாத மூட்டைக்குப் பெயர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் மதிப்பில்லை. நிகர எடை யூரியாவில் 45 கிலோ, மற்ற பெரும்பாலான மூட்டைகளில் 50. யூரியா மூட்டையில் 50 கிலோ என்று அச்சாகியிருந்தால் அது பழைய சாக்கு.

மூட்டை அசல், ஆனால் தையல் ஒரு மாதிரி இருக்கிறது

அசல் சாக்கைச் சேகரித்து வேறு எதையாவது நிரப்பித் தைப்பது பழைய தந்திரம். அச்சு முழுக்க உண்மையாக இருக்கும் என்பதால் லேபிளைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. தையல்தான் காட்டிக்கொடுக்கும்.

சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. மூட்டையைப் பிரித்தால் தையல் உடைந்தது கண்ணுக்குத் தெரியும்படி இயந்திரத் தையல் போட வேண்டும். இந்தியாவில் தயாரித்த உரத்தைக் கையால் தைத்தால் ஈய முத்திரை கட்டாயம். அதனால் இந்தியத் தயாரிப்பு என்று அச்சாகியிருக்கும், முத்திரை இல்லாத கைத்தையல் மூட்டையை அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இயந்திரத் தையல் என்றாலும் வாயருகே விரலை ஓட்டிப் பாருங்கள். தையல் வரிசைக்குச் சற்று மேலேயோ கீழேயோ நூல் இல்லாத ஊசித் துளைகள் ஒரு வரிசையாகத் தட்டுப்பட்டால், அந்தச் சாக்கு முன்னொரு முறை தைத்துப் பிரிக்கப்பட்டது. பிளாஸ்டிக் சாக்கில் துளை மூடிக்கொள்ளாது, நன்றாகத் தெரியும். தைப்பதற்கு முன் வாயை மடித்த தடம் இரண்டு இருந்தாலும் அதே பொருள்தான்.

விளைச்சலைப் பற்றிய வாக்குறுதி நம்பும்படியாக இல்லை, ஆனால் மறுக்கவும் தெரியவில்லை

விளைச்சல் வாக்குறுதியில் பொய்யைப் பிடிப்பதைவிட, அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பிடிப்பது எளிது.

விதைப் பொட்டலத்தில் "ஏக்கருக்கு 40 குவிண்டால் வரை" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அலகை மாற்றுங்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், எனவே இது ஹெக்டேருக்கு ஏறக்குறைய 9.9 டன். ரகத்தை வெளியிட்ட பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ தரும் சராசரி விளைச்சல் ஹெக்டேர் கணக்கில் இருக்கும், அதோடு ஒப்பிட இந்த மாற்றம் தேவை. அந்த ரகத்துக்கு வெளியீட்டுக் குறிப்பில் சராசரி 6 டன் என்று இருந்தால், ஏக்கருக்கு 24 குவிண்டால். பொட்டலம் சொல்வது அதைவிட 65 சதவீதம் கூடுதல். நாற்பது யாரோ ஒருவர் வயலில் ஒரு பருவத்தில் கிடைத்திருக்கலாம், "வரை" என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது. நம் வயலுக்கு எதிர்பார்க்க வேண்டியது சராசரியைத்தான்.

அடுத்து, எடை எந்த ஈரப்பதத்தில்? அறுத்த கையோடு 22 சதவீத ஈரத்தில் எடை போட்ட 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு 91 கிலோகூட இருக்காது. எடையைக் குவிண்டாலில் சொல்லாமல் "மூட்டை" என்று மட்டும் சொன்னால் இன்னும் வசதி, மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை யாரும் கேட்பதில்லை. "எல்லா மண்ணுக்கும், எல்லாப் பட்டத்துக்கும்" என்ற வரியும் இதே வகை. ஒழுங்காக வெளியிட்ட ரகத்தின் குறிப்பில் எந்தப் பட்டம், எந்தப் பகுதி, எத்தனை நாள் என்று வரையறை இருக்கும். வரையறையே இல்லாத வாக்குறுதி சோதனையில் பிறந்தது இல்லை.

பொட்டலத்தின் முன்னால் நாற்பது குவிண்டால், பின்னால் கடுகு எழுத்தில் "விளைச்சலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல". பார்த்திருப்பீர்கள். விளைச்சல் மழை, மண், பராமரிப்பைப் பொறுத்தது என்பது நியாயம்தான். ஆனால் விதை விதிகளின்படி லேபிளில் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் வாசகம் இருக்கக் கூடாது. லேபிளில் போட்ட விவரத்துக்குப் பொறுப்பில்லை என்று லேபிளிலேயே எழுதித் தப்பிக்கவும் கூடாது. அதாவது முளைப்புத்திறன் 80 என்று போட்டுவிட்டு, "பொறுப்பல்ல" என்ற வரியைக் காட்டி நழுவ முடியாது.

உர மூட்டையில் நிலைமை இன்னும் தெளிவு. உரக் கட்டுப்பாட்டு ஆணை, குறிப்பிட்ட விவரங்களைத் தவிர வேறு எதையும் மூட்டையில் அச்சிடக் கூடாது என்கிறது. "விளைச்சல் இரட்டிப்பு" என்ற வாசகம் மூட்டையின் மேலேயே இருந்தால், அது உண்மையா என்று ஆராய வேண்டியதே இல்லை. அது அங்கே இருப்பதே விதிமீறல்.

மிச்சம் இருப்பது சின்னப் பாட்டில்கள். 500 மில்லி டானிக், ஏக்கருக்கு 5 மூட்டை கூடுதல் நெல் என்கிறார்கள். அறுபது கிலோ மூட்டை என்றால் 300 கிலோ. நெல்மணியில் தழைச்சத்து 1.2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆகவே அந்தக் கூடுதல் மணியில் மட்டும் மூன்றரைக் கிலோ தழைச்சத்து அடங்கியிருக்க வேண்டும். பாட்டிலில் 5 சதவீதம் தழைச்சத்து என்று லேபிள் சொன்னால் மொத்தமே 25 கிராம் சொச்சம். நூறு மடங்குக்கு மேல் இடிக்கிறது. பாட்டிலில் உள்ள சத்து அந்த விளைச்சலைத் தரவில்லை என்பது இங்கேயே முடிந்துவிட்டது.

இதற்கு விற்பவர் சொல்லும் பதில், "சத்து இதில் இல்லை, மண்ணில் உள்ளதை எடுக்கும் சக்தியை இது தூண்டுகிறது." வாதம் தப்பில்லை, அப்படிப்பட்ட பொருட்கள் உண்டு. ஆனால் அப்படிச் சொன்ன கணத்தில் அது உயிர் ஊக்கி ஆகிவிடுகிறது. 2021-லிருந்து உயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் ஆறாவது அட்டவணைக்குள் வருகின்றன. எந்தப் பொருள், எந்தப் பயிருக்கு என்ற விவரம் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும். லேபிளில் அது இல்லை என்றால் "தூண்டுகிறது" என்ற வாதமும் நிற்காது.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். துத்தநாகம், போரான் போன்ற நுண்ணூட்டங்கள் பற்றாக்குறை உள்ள மண்ணில் கிராம் கணக்கில் கொடுத்தாலே பெரிய மாற்றம் தரும். அங்கே கேட்க வேண்டியது என் மண்ணில் அந்தக் குறை இருக்கிறதா என்பது. மண் பரிசோதனை அட்டையில் குறை இல்லை என்றால், அதே பாட்டில் உங்கள் வயலில் எதையும் செய்யாது.

வாங்கிய பிறகுதான் சந்தேகம் வருகிறது

பையைப் பிரிக்கும்போது தையல் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் வெட்டுங்கள், அட்டையும் தையலும் சேதமில்லாமல் இருக்கும். கால் கிலோவுக்குக் குறையாமல் விதையை அதே பையில் விட்டு வையுங்கள். மிளகாய், தக்காளி போன்ற சின்ன விதை என்றால் ஒரு சிட்டிகையாவது. பில்லில் ரகமும் குவியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். எண் இல்லாத பில் நீங்கள் எதையோ வாங்கினீர்கள் என்பதற்கு மட்டும்தான் ஆதாரம், இந்தப் பையைத்தான் வாங்கினீர்கள் என்பதற்கு இல்லை. மானிய உரத்துக்கு விற்பனைக் கருவியிலிருந்து வரும் ரசீதில் உரத்தின் பெயரும் எண்ணிக்கையும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துவிட வேண்டும்.

உரத்தைப் பொறுத்தவரை பிரித்த மூட்டையை எடுத்துப்போய்ச் சோதிக்கச் சொன்னால், நீங்களே கலந்திருக்கலாம் என்ற வாதம் வரும். பிரிக்காத மூட்டை ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு உர ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் அதே இருப்பிலிருந்து முறைப்படி மாதிரி எடுப்பார்.

விதையில் பயிர் பொய்த்த பிறகும் வழி இருக்கிறது. விதையின் தரக்குறைவால்தான் பயிர் போனது என்று விவசாயி எழுத்தில் புகார் கொடுத்தால், விதை ஆய்வாளர் லேபிளையும் பையையும் மிச்சமுள்ள விதையையும் பெற்றுக்கொண்டு, அதே குவியலின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி விசாரிக்க வேண்டும் என்று விதை விதிகளே சொல்கின்றன. பயிர் வயலில் நிற்கும்போதே கொடுப்பது நல்லது, உழுதுவிட்ட பிறகு யாரும் வந்து பார்க்க எதுவும் இருக்காது. விதை எல்லாம் விதைத்தாகிவிட்டது, மாதிரி கையில் இல்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்றும், வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவது இயல்பு, மாதிரியை எடுத்து வைக்கவில்லை என்பதால் வழக்கு விழாது என்றும் சொன்னது. ஆனால் பில்லும் அட்டையும் இல்லாமல் அந்தப் படியை ஏறுவது கடினம்.